புது ஃபிரிட்ஜ் முதல் நாள் ஏன் மெதுவாகக் குளிர்கிறது, எவ்வளவு பொருள் வைக்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூரில் வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றில் டெலிவரிக்குப் பிறகு வரும் போன்களை எடுப்பது என் வேலை. ஃபிரிட்ஜ் இறக்கி வைத்த அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: கூலிங் வரவில்லை. மெக்கானிக் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இயந்திரத்தில் ஒரு குறையும் இருப்பதில்லை. உள்ளே முதல் நாளே முழுச் சமையலறையும் ஏறியிருக்கும். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நம் ஊரில் அதிகம் விற்கும் 180 முதல் 200 லிட்டர் சிங்கிள் டோர் ஃபிரிட்ஜை மனத்தில் வைத்தே பேசுகிறேன். டபுள் டோர் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

காலைல போட்டோம், மத்தியானம் வரைக்கும் உள்ள ஜில்லுனே இல்ல. புதுசு தானே, ஏன் இப்படி?

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்கி உள்ளே ஊதுவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வெளியே கொட்டுகிறது. குடோனிலும் வண்டியிலும் கிடந்த ஃபிரிட்ஜின் கண்ணாடித் தட்டு, உள் பிளாஸ்டிக் சுவர், காய்கறி டப்பா எல்லாமே 32, 34 டிகிரியில் இருக்கும். முதல் நாள் கம்ப்ரஸர் ஓடுவது உங்கள் பாலுக்காக அல்ல, ஃபிரிட்ஜ் தன்னையே குளிர்வித்துக்கொள்வதற்காக.

உள்ளே இருக்கும் காற்று ஒரு பொருட்டே இல்லை. ஒரு சிங்கிள் டோரில் அடைபட்ட காற்று கால் கிலோகூட வராது. ஆனால் ஒரு கண்ணாடித் தட்டே ஏறக்குறைய 2 கிலோ இருக்கும். தட்டுகளையும் உள் சுவரையும் சேர்த்துப் பார்த்தால், காலி ஃபிரிட்ஜைக் குளிர வைப்பது தோராயமாக 3 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரை ஜில்லாக்குவதற்குச் சமம். இந்த 3 லிட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி தேவைப்படும்.

வெறும் 3 லிட்டர் தண்ணி கணக்குன்னா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடணுமே?

வெப்பம் ஃப்ரீசர் தகடு வரைக்கும் போய்ச் சேர வேண்டும், அங்கேதான் தாமதம். சிங்கிள் டோரில் குளிர்ச்சி உண்டாகும் இடம் ஒன்றே ஒன்று, மேலே இருக்கும் ஃப்ரீசர் பெட்டியின் தகடு. அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்குகிறது, கீழே உள்ள சூடான காற்று மேலே ஏறுகிறது. விசிறி கிடையாது. காற்று தன் போக்கில் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துப் போகிறது. அதே நேரத்தில் சமையலறைச் சூடு சுவர் வழியாக உள்ளே கசிந்துகொண்டே இருக்கும்.

என் வீட்டில் போன மே மாதம் 190 லிட்டர் சிங்கிள் டோர் வாங்கியபோது, நடுத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதில் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்தேன். வேறு எதுவும் உள்ளே வைக்கவில்லை. சமையலறை 34 டிகிரி. மதியம் 1 மணிக்கு சுவிட்ச் போட்டபோது தண்ணீர் 33. 3 மணிக்கு ஃப்ரீசர் தகட்டில் வெள்ளையாக மெல்லிய பனி படிந்துவிட்டது, ஆனால் தண்ணீர் 29தான். 5 மணிக்கு 22, இரவு 8 மணிக்கு 15, 11 மணிக்கு 10. விடிந்து 6 மணிக்குப் பார்த்தபோது 5. மே மாதத்தில், காலி ஃபிரிட்ஜுக்கே, ஒரு முழு இரவு ஆனது. இது நன்றாக வேலை செய்யும் ஃபிரிட்ஜ்.

டபுள் டோர் ஃப்ராஸ்ட் ஃப்ரீ மாடலில் விசிறி குளிர்காற்றைத் தள்ளுவதால் இதைவிட வேகம். காலியாக இருந்தால் 3, 4 மணி நேரத்தில் கீழ்ப் பகுதிக் காற்று ஜில்லென்று ஆகிவிடும். தட்டுகளும் சுவரும் ஊறிக் குளிர அதற்கும் அரை நாள் தேவை.

இறக்கின உடனே ஆன் பண்ணலாமா, வெயிட் பண்ணணுமா?

நிற்க வைத்தே கொண்டு வந்திருந்தால் 2 முதல் 4 மணி நேரம் விட்டுவிட்டுப் போடுங்கள். கம்ப்ரஸருக்குள் எண்ணெய் இருக்கிறது. வண்டி ஆட்டத்தில் அது குழாய்க்குள் ஏறியிருந்தால் திரும்பி இறங்க அவகாசம் வேண்டும். மாடியேற்றும்போது படுக்க வைத்துத் தூக்கினார்கள் என்றாலோ, ஆட்டோவில் சாய்த்துக் கொண்டுவந்தார்கள் என்றாலோ, ஒரு நாள் முழுக்க நிற்க விடுவது பாதுகாப்பு. உங்கள் மாடலின் கையேட்டில் வேறு நேரம் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

காத்திருக்கும் நேரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அடியில் இருக்கும் தெர்மாகோல் தளத்தையும், தட்டுகளுக்கு இடையே சொருகிய ஃபோம் துண்டுகளையும், டேப்புகளையும் முழுக்க எடுத்துவிடுங்கள். "உயரமா இருக்கட்டும்" என்று தெர்மாகோல் மேலேயே நிறுத்தி வைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அடிப்பக்கம் காற்றோட்டம் அடைபட்டு கம்ப்ரஸர் கூடுதலாகச் சூடாகும்.

சரி, எத்தன மணி நேரம் காலியா ஓட விடணும்?

சிங்கிள் டோர் என்றால் குறைந்தது 6 மணி நேரம், முடிந்தால் ஒரு இரவு. டபுள் டோர் என்றால் 4 மணி நேரம். கையேடுகளில் 2 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை பலவிதமாகப் போட்டிருக்கும், அதனால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எந்த மாதம், சமையலறை எவ்வளவு சூடு என்பதைப் பொறுத்து இது மாறும். கார்த்திகை, மார்கழியில் மதியம் போட்டது சாயங்காலமே தயார் ஆகலாம். அக்னி நட்சத்திரத்தில் அப்படி எதிர்பார்க்காதீர்கள்.

கடிகாரத்தைவிட தெர்மாமீட்டர் நம்பகமானது. சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் சில நூறு ரூபாய்தான். நான் செய்ததுபோல நடுத் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். காற்றில் தொங்கவிட்டால் கதவு திறந்த நொடியில் எண் ஏறிவிடும், தண்ணீரில் வைத்தால் சாப்பாட்டுப் பொருளின் உண்மையான நிலை தெரியும். 10 டிகிரிக்குக் கீழே வந்ததும் ஏற்கெனவே குளிர்ந்த பொருட்களை வைக்க ஆரம்பிக்கலாம். 5 டிகிரி வந்தால்தான் மீன், கறி, சமைத்த உணவு.

முதல் நாள் எவ்வளவு வைக்கலாம்? நேரா சொல்லுங்க.

சிங்கிள் டோரில், காலியாக ஓடிய பிறகு முதல் தவணையாக 3 முதல் 4 கிலோ. அதற்குப் பிறகு 5, 6 மணி நேரம் விட்டு இன்னொரு 3, 4 கிலோ. முதல் நாள் முடிவில் கால் பங்கு நிறைந்திருந்தால் போதும், இரண்டாம் நாள் பாதி, மூன்றாம் நாள் நீங்கள் வழக்கமாக வைப்பதெல்லாம். டபுள் டோருக்கு ஒவ்வொரு தவணையிலும் இதில் ஒன்றரை மடங்கு வைக்கலாம். இது நிறுவனங்கள் போட்ட விதி இல்லை. வந்த போன்களையும் என் வீட்டு அனுபவத்தையும் வைத்து நான் சொல்லிவரும் கணக்கு, இதுவரை கைவிட்டதில்லை.

இடத்தைப் பார்க்காதீர்கள், கனத்தைப் பாருங்கள். ஒரு கட்டு கொத்தமல்லி அரைத் தட்டை அடைத்துக்கொள்ளும், ஆனால் ஃபிரிட்ஜுக்கு அது ஒரு சுமையே இல்லை. ஒரு 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் கதவு ஓரத்தில் ஒதுங்கி நிற்கும், ஆனால் காலி ஃபிரிட்ஜ் முழுவதையும் குளிர வைக்கும் வேலையில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கு மட்டுமே வேண்டும்.

நாங்க பெரிசா ஒண்ணும் வைக்கலியே, வழக்கமா வைக்கறதுதான். அதுக்கே கூல் ஆகலியே?

இந்த ஏப்ரலில் போன் செய்த ஒரு அம்மா வரிசையாகச் சொன்னதை அப்படியே எழுதி வைத்தேன். இட்லி மாவு ஒரு பெரிய பாத்திரம், 3 கிலோ. தண்ணீர் பாட்டில் 4 லிட்டர். சந்தையிலிருந்து வந்த தக்காளி, கத்தரிக்காய், கேரட், தேங்காய் எல்லாம் 5 கிலோ. சூடு ஆறாத குழம்பு ஒரு லிட்டர். ஃப்ரீசரில் ஐஸ் வைக்க 2 லிட்டர் தண்ணீர். காலை 11 மணிக்கு ஆன் செய்து 12 மணிக்கு எல்லாம் வைத்துவிட்டார்கள்.

தண்ணீர் கணக்கில் போட்டுப் பார்ப்போம். மாவும் காயும் பெரும்பாலும் தண்ணீர்தான் என்பதால் கிலோவை லிட்டராகவே வைத்துக்கொள்ளலாம். மாவு, தண்ணீர், காய் மூன்றும் சேர்ந்து 12. குழம்பு 60 டிகிரியில் இருந்ததால் அது ஒரு லிட்டர் இரண்டு லிட்டர் வேலை வாங்கும், ஆக 14. ஃப்ரீசரில் வைத்த தண்ணீர்தான் பெரிய ஆள். தண்ணீர் உறையும்போது விடுகிற வெப்பம் மிக அதிகம். அறைச் சூட்டில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரைக் கெட்டி ஐஸாக்கி ஃப்ரீசர் குளிருக்குக் கொண்டுபோவது, நாலேகால் லிட்டர் தண்ணீரை ஜில்லாக்குவதற்குச் சமம். ஆக 2 லிட்டருக்கு எட்டரை. மொத்தம் 22 லிட்டருக்கு மேல்.

முதல் பதிலில் சொன்ன 3 லிட்டர் வேலையே முடியாத ஃபிரிட்ஜின் மேல், அதைப்போல் ஏழு மடங்கு ஏற்றிவிட்டார்கள். சின்ன கம்ப்ரஸர் அந்த வெயிலில் மணிக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் அளவு வெப்பத்தைக் கூடுதலாக வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொண்டால்கூட எல்லாம் முடிய 17 முதல் 25 மணி நேரம் ஆகும். அதற்குள் மாவு என்னவாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாவுக்கு இரவு 9 மணிக்கு மூடி தூக்கிக்கொண்டு மாவு தட்டு வழியாகக் காய்கறி டப்பாவுக்குள் வழிந்திருந்தது. ஃபிரிட்ஜில் பழுது ஏதும் இல்லை, மறுநாள் மதியத்துக்குள் எல்லாம் சரியாகக் குளிர்ந்துவிட்டது.

மாவு ஃபிரிட்ஜுக்குள்ளயே எப்படிப் பொங்குது? உள்ள வெச்சா புளிக்காதுன்னுதானே வைக்கறோம்?

மாவு மிகவும் மெதுவாகக் குளிரும் பொருள். தண்ணீராக இருந்தால் குளிர்ந்த பகுதி கீழே இறங்கி, சூடான பகுதி மேலே வந்து, தானே கலங்கிக்கொள்ளும். மாவு கெட்டியாக நிற்பதால் அது நடக்காது. ஓரம் ஜில்லென்று இருக்கும்போது நடுமையம் 28 டிகிரியிலேயே பல மணி நேரம் இருக்கும். புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு அது நல்ல வசதி. ஓடிப் பழகிய ஃபிரிட்ஜிலேயே இப்படி என்றால், முதல் நாள் ஃபிரிட்ஜில் கேட்கவே வேண்டாம்.

புது ஃபிரிட்ஜ் வரும் நாளுக்கு மாவு அரைக்காமல் இருப்பது நல்லது. அரைத்துவிட்டீர்கள் என்றால், ஒரே தூக்கில் வைக்காமல் அரைக் கிலோ, ஒரு கிலோ டப்பாக்களாகப் பிரித்து, அகலமான டப்பாவில் மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டில் வையுங்கள். சிங்கிள் டோரில் அதுதான் அதிகக் குளிர்ச்சியான இடம். டப்பாவில் கால் பங்கு காலியாக விடுங்கள். நன்றாகப் பொங்கிய பிறகு வைப்பதைவிட, பொங்க ஆரம்பிக்கும்போதே வைப்பது முதல் இரண்டு நாளுக்குப் பொருத்தம். மீதிப் புளிப்பு உள்ளேயே வந்துவிடும்.

பழைய ஃபிரிட்ஜ எக்ஸ்சேஞ்சுல எடுத்துட்டுப் போயிட்டாங்க. அதுல இருந்த சாமான எங்க வைக்கறது?

புதிதாக வந்திருக்கும் தெர்மாகோல் பேக்கிங்கையே பயன்படுத்துங்கள், அல்லது மீன் கடையில் கிடைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். பழைய ஃப்ரீசரில் இருந்த ஐஸையும், பால் பாக்கெட், தயிர், கறி எல்லாவற்றையும் நெருக்கமாக அதில் அடுக்கி, மேலே கனமான துணி போட்டு மூடினால் சாயங்காலம் வரை தாங்கும். கறியும் மீனும் தனி டப்பாவில், அடியில் இருக்கட்டும். அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்த சமைத்த உணவையும் மீனையும் புது ஃபிரிட்ஜில் ஏற்றிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஏற்கெனவே குளிர்ந்த பொருள் புது ஃபிரிட்ஜுக்குச் சுமை இல்லை, உதவி. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது ஏறக்குறைய 3 லிட்டர் தண்ணீரை ஜில்லாக்கும் அளவுக்கு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதாவது காலி ஃபிரிட்ஜின் மொத்த வேலை. ஒரு கிலோ ஐஸை அகலமான பாத்திரத்தில் கொட்டி நடுத் தட்டில் வைத்தால் முதல் நாள் குளிர்ச்சி நன்றாகவே முந்தும். உருகிய தண்ணீர் தட்டில் வழியாதபடி பாத்திரம் ஆழமாக இருக்கட்டும். அதனால்தான் முதல் தவணையில் கடையிலிருந்து ஜில்லென்று வந்த ஆவின் பாக்கெட், பழைய ஃபிரிட்ஜில் இருந்த தயிர், வெண்ணெய் இவற்றை வைக்கச் சொல்கிறேன். அடுத்த தவணையில் காய், பிறகு மாவு, ஐஸ் போடத் தண்ணீர் வைப்பது கடைசி.

தெர்மோஸ்டாட்ட ஃபுல்லா திருப்பி வெச்சா சீக்கிரம் கூல் ஆகும்ல?

சாதாரண கம்ப்ரஸரில் ஆகாது. அந்தத் திருகு "எந்தக் குளிருக்கு வந்ததும் நிறுத்து" என்று மட்டும்தான் சொல்கிறது, "எவ்வளவு வேகமாக ஓடு" என்று சொல்வதில்லை. முதல் நாள் எப்படியும் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடுகிறது, நடுவில் வைத்தாலும் கடைசியில் வைத்தாலும் அதே வேகம். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் வேகம் மாற்றிக்கொள்ளும், ஆனால் உள்ளே சூடு இருப்பதைப் பார்த்து அதுவே கூட்டிக்கொள்ளும்.

ஃபுல்லில் வைப்பதன் பலன் மூன்றாம் நாள் தெரியும். எல்லாம் குளிர்ந்த பிறகு யாரும் திருப்பிக் குறைப்பதில்லை. மேல் தட்டில் தக்காளி கண்ணாடியாக உறைந்து, ஃப்ரீசரில் பனி மலையாக வளர்ந்து, "ரொம்ப கூலிங்" என்று அடுத்த போன் வரும். நடுவிலேயே விடுங்கள். தெர்மாமீட்டர் 24 மணி நேரம் கழித்தும் 6, 7 காட்டினால் ஒரு எண் மட்டும் கூட்டுங்கள்.

எங்களது டபுள் டோர். ஃப்ரீசர் நாபையும் ஃபுல்ல வெச்சோம், ஐஸ் நல்லா வருது, கீழ மட்டும் கூலே இல்ல.

பல டபுள் டோர் மாடல்களில் ஃப்ரீசருக்குள் இருக்கும் திருகு வெப்பநிலைத் திருகே அல்ல. குளிர்காற்று எவ்வளவு மேலே தங்க வேண்டும், எவ்வளவு கீழே போக வேண்டும் என்று பிரிக்கும் கதவு அது. அதைக் கடைசிக்குத் திருப்பினால் காற்றில் பெரும்பகுதி ஃப்ரீசரிலேயே நின்றுவிடும், கீழ்ப் பகுதி பட்டினி கிடக்கும். முதல் இரண்டு நாள் அதை நடுவிலோ, அதற்கும் ஒரு படி குறைவாகவோ வையுங்கள். ஃப்ரீசர் சாமானைக் கீழே காற்று இறங்கும் துளைகளுக்கு முன்னால் அடுக்கியிருந்தாலும் இதேதான் நடக்கும்.

டிஸ்ப்ளேல 3 டிகிரி காட்டுது, ஆனா தண்ணி ஜில்லுனு இல்லியே?

சில மாடல்களில் அந்த எண் நீங்கள் கேட்டிருக்கும் குளிர், இப்போது உள்ளே இருக்கும் குளிர் அல்ல. சிலவற்றில் சென்சார் அருகே உள்ள காற்றின் நிலை. இரண்டுமே பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீரின் நிலை இல்லை. காற்று முதலில் குளிரும், தண்ணீர் பல மணி நேரம் கழித்துத்தான் எட்டிப் பிடிக்கும். டம்ளர் தண்ணீர் சோதனையை நம்புங்கள்.

தட்டு அழுக்காகக் கூடாதுன்னு பேப்பரும் மேட்டும் போட்டுட்டோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

சிங்கிள் டோரில் நிறையவே இருக்கிறது. குளிர்காற்று மேலிருந்து தானாகக் கீழே இறங்க வேண்டும் என்று மேலே சொன்னேன். அது இறங்குவதற்காகத்தான் தட்டுகளுக்குப் பின்னாலும் முன்னாலும் இடைவெளி விட்டிருக்கிறார்கள், பழைய பாணித் தட்டுகள் கம்பியாகவே இருக்கும். சுவர் முதல் கதவு வரை செய்தித்தாளை விரித்தால் அந்த வழி அடைபட்டுப்போகும். குளிர் மேலேயே தங்கும். தெர்மோஸ்டாட் பார்ப்பது ஃப்ரீசர் தகட்டின் குளிரைத்தான், ஆகவே தகடு போதுமான அளவு குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நின்றுவிடும். கீழே காய்கறி டப்பா சூடாகவே இருக்கும். "கம்ப்ரஸர் நிக்குது, ஆனா கீழ கூல் இல்ல" என்று சொன்ன பல வீடுகளில் மேட்டை எடுத்ததுமே சரியானது. போட்டே ஆக வேண்டும் என்றால் தட்டைவிட நாலு பக்கமும் இரண்டு விரல் சின்னதாக வெட்டிப் போடுங்கள்.

வெளிப்பக்கமும் அப்படித்தான். பைகள் வைத்த ஃபிரிட்ஜ் கவர் பக்கச் சுவர்கள் மேல் தொங்கினால் வெப்பம் வெளியேறும் இடம் மூடப்படுகிறது. முதல் நாள் அதைப் போடாதீர்கள். சுவரை ஒட்டியும் நிறுத்தாதீர்கள், பின்னால் நாலு விரல், பக்கங்களில் மூன்று விரல் இடமாவது இருக்கட்டும்.

ரெண்டு பக்கமும் தொட முடியாத அளவுக்குக் கொதிக்குது. கம்ப்ரஸர் நிக்கவே இல்ல. எரிஞ்சிடாதா?

எரியாது. உள்ளிருந்து அள்ளிய வெப்பத்தைக் கொட்டும் குழாய் இப்போது பெரும்பாலான மாடல்களில் பக்கச் சுவர்களுக்குள்ளேயே ஓடுகிறது. முதல் நாள் அள்ளும் வெப்பம் அதிகம், ஆகவே சுவர் அதிகமாகச் சுடும். அது நல்ல அறிகுறி. சுவர் கொஞ்சம்கூடச் சூடாகாமல் கம்ப்ரஸர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கம்ப்ரஸர் முதல் நாள் 10, 12 மணி நேரம் தொடர்ந்து ஓடுவது இயல்பு. பயந்துபோய் சுவிட்சை அணைத்து, "ரெஸ்ட்" கொடுத்து, மறுபடி போடாதீர்கள். அணைத்த உடனே போட்டால் குழாய்க்குள் அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரஸர் கிளம்பத் திணறும். ஒரு கிளிக் சத்தத்தோடு பாதுகாப்பு ரிலே அணைத்துவிடும். கரண்ட் போய் வந்தாலும் 5 நிமிடம் விட்டுப் போடுவது நல்லது. ஸ்டெபிலைசரும் சில மாடல்களும் அந்த இடைவெளியைத் தாமே விடும்.

கூலிங் வந்துச்சான்னு பசங்க அடிக்கடி தொறந்து பாக்கறாங்க. அது ஒரு நிமிஷம்தானே?

ஒரு நிமிடத்தில் உள்ளே இருந்த குளிர்காற்று முழுக்கக் கீழ் வழியாகக் கொட்டிவிடும். காற்றுக்குக் கனமில்லை என்று முதலில் சொன்னேன், அதனால் இது பரவாயில்லை என்று தோன்றலாம். ஆனால் உள்ளே புகும் காற்றோடு ஈரப்பதமும் வருகிறது. நாகை, கடலூர், சென்னை போன்ற கடலோர ஊர்களில் அந்த ஈரம் குளிர்ந்து நீர்த்துளியாகும்போது விடும் வெப்பம், காற்றின் வெப்பத்தைவிடவே அதிகம். முதல் நாள் சுவரில் வேர்த்ததுபோல் நீர் கோர்ப்பது அதனால்தான். பிள்ளைகளுக்கு ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதி வைக்கச் சொல்லுங்கள், என் மகள் அப்படித்தான் எழுதினாள்.

ஃபிரிட்ஜ் நெறஞ்சிருந்தாதான் நல்லா கூலா இருக்கும்னு சொல்றாங்களே, நீங்க காலியா விடச் சொல்றீங்க?

இரண்டும் உண்மை, நாள்தான் வேறு. குளிர்ந்து முடிந்த பொருட்கள் உள்ளே நிறைய இருந்தால் கதவு திறந்தாலும் கரண்ட் போனாலும் அவை குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அது நாலாம் நாளின் கதை. முதல் நாள் அதே பொருட்கள் 32 டிகிரியில் உள்ளே வந்தால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்திருப்பது என்றாலும் முக்கால் பங்கு வரைதான், பொருளுக்குப் பொருள் விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும்.

அப்பாவோட இன்சுலின் இருக்கு. அத எப்ப வைக்கலாம்?

முதல் நாள் வேண்டாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவே கூடாது. உறைந்து உருகியதைப் பார்த்தால் தெரியாமலும் போகலாம், ஆனால் அதைப் பயன்படுத்தக் கூடாது. புது ஃபிரிட்ஜ் முதல் நாள் மிகையாகச் சூடு, இரண்டாம் நாள் சில இடங்களில் மிகையாகக் குளிர் என்று ஆடும். ஒரு நாள் முழுக்க தெர்மாமீட்டர் 3க்கும் 7க்கும் இடையே நின்ற பிறகு, நடுத் தட்டில், பின்சுவரைத் தொடாமல் ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். ஃப்ரீசருக்குக் கீழே உள்ள தட்டு கூடவே கூடாது. அதுவரை பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜிலோ, மருந்துக் கடையிலோ வைக்கக் கேளுங்கள்.

எப்போ நெஜமாவே ஃபால்ட்டுன்னு தெரிஞ்சுக்கறது? மெக்கானிக்க எப்ப கூப்பிடணும்?

எல்லாவற்றையும் வெளியே எடுத்து, காலியாக 6 மணி நேரம் ஓட விட்டும் ஃப்ரீசரில் பனியே படியவில்லை என்றால் கூப்பிடுங்கள். 24 மணி நேரம் கழித்தும் டம்ளர் தண்ணீர் 10க்குக் கீழே வரவில்லை என்றாலும் கூப்பிடுங்கள். சிங்கிள் டோரில் கண்ணாலேயே பார்க்கக்கூடிய அறிகுறி ஒன்று உண்டு. ஃப்ரீசரின் உள்தகடு முழுக்க ஒரே சீராக வெள்ளை படிய வேண்டும். ஒரு மூலையில் மட்டும் கெட்டியாகப் படிந்து, மீதி தகடு ஈரமாகவோ வெறுமையாகவோ இருந்தால் கேஸ் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கூப்பிடும் முன் கதவு ரப்பரைப் பாருங்கள். பேக்கிங்கில் அழுந்தி மடிந்திருந்தால் ஒரு ஓரம் சேராது. பத்து ரூபாய் நோட்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். நாலு பக்கமும் பிடித்து வர வேண்டும், ஒரு இடத்தில் வழுக்கி வந்தால் அங்கே இடைவெளி. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அந்த இடத்தில் சில நிமிடம் ஒற்றி, விரலால் நீவி விட்டு, கதவை மூடி ஒரு இரவு விட்டால் பெரும்பாலும் தன் வடிவத்துக்கு வந்துவிடும்.

போன் செய்யும்போது நான்கு விஷயம் சொன்னால் உங்களுக்கும் எனக்கும் நேரம் மிச்சம்: எத்தனை மணிக்கு ஆன் செய்தீர்கள், எத்தனை மணிக்கு என்னென்ன வைத்தீர்கள், பக்கச் சுவர் சுடுகிறதா, டம்ளரில் தெர்மாமீட்டர் எவ்வளவு காட்டுகிறது.